92 ஆயிரமா, 74 ஆயிரமா: மணிக் கணக்கில் பார்த்தால் எது பெரிய சம்பளம்?

பதினான்கு மாதங்களுக்கு முன்பு, சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்து வேலையை விட்டுவிட்டு, கிண்டியில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். முன்னதில் கையில் வந்த சம்பளம் மாதம் 92,000 ரூபாய். பின்னதில் 74,000. மாதம் 18,000 ரூபாயை ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று கேட்காத உறவினர் இல்லை. நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் என் கணக்கு. அதைப் போட்டுக் காட்டுகிறேன்.

பி.எஃப்., மருத்துவக் காப்பீடு, பணிக்கொடை ஆகியவற்றில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பயணத்தில் கிண்டிக்கு நன்மை உண்டு. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்விடலாம், மேடவாக்கம் வழியாக பஸ்ஸில் நசுங்க வேண்டாம். ஆனாலும் பயண நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது வீடு மாறினால் மாறிவிடுவது, வேலையோடு ஒட்டியது அல்ல.

உண்மையான சிக்கல் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்பது பைசா சுத்தமாகத் தெரியும். அதை எத்தனை மணியால் வகுப்பது? ஒப்பந்தத்தில் வாரம் 40 மணி என்று இருந்தது. விடுமுறை, விடுப்பு எல்லாம் கழித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 46 வேலை வாரங்கள், அதாவது 1,840 மணி. ஆண்டுச் சம்பளம் 11,04,000-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 600 ரூபாய். நல்ல கூலிதான். ஆனால் நான் அந்த 40 மணியில் ஒரு வாரமும் வேலையை முடித்ததில்லை.

வாரம் 65 மணி உழைப்பதாக நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு என்று குறிப்பெடுக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. களைத்துப்போனவனின் நினைவில் மோசமான வாரம்தான் தங்கும். அதனால் எட்டு வாரம் ஒவ்வொரு நாளும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடையில் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் போன நேரம் மூன்றையும் எழுதி வைத்தேன். வந்த எண்கள் இவை: 49, 51, 68, 57, 52, 50, 66, 55. சராசரி 56. மூன்றாம் வாரமும் ஏழாம் வாரமும் புதிய பதிப்பு வெளியான வாரங்கள். அவற்றை மட்டும் எழுதியிருந்தால் வாரம் 67 என்று தப்பாக முடிவு கட்டியிருப்பேன். அவற்றை விட்டுவிட்டால் 52 சொச்சம்தான் வந்திருக்கும். ஆகவே வேலை ஏறி இறங்கும் ஒரு சுற்றாவது குறிப்பில் முழுதாக வர வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தை என்ன செய்வது என்பதில் எனக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. இரவு ஒன்பதுக்கு மேல் வெளிநாட்டு வாடிக்கையாளரின் அழைப்புக்காகக் கணினியை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருந்தால் அதை முழு வேலை நேரமாக எழுதினேன். கைப்பேசி சட்டைப்பையில் இருந்தால் போதும், கடைக்குப் போய்வரலாம் என்ற நிலையில் எழுதவில்லை. அழைப்பு வந்தால் அந்த நேரத்தை மட்டும் சேர்த்தேன். இந்த விதியை நடுவில் மாற்றாமல் இருப்பது முக்கியம்.

வாரம் 56 மணி என்றால் ஆண்டுக்கு 2,576 மணி. 600 ரூபாயாக இருந்த கூலி 429 ஆகிறது.

கிண்டி நிறுவனத்தில் சேராமலே அதன் நேரத்தை அறிவது கடினம். அங்கே வேலை செய்த பழைய நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். "வேலைப்பளு எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் எந்த நாள் மிகத் தாமதமாகக் கிளம்பினீர்கள்? எத்தனை மணிக்கு? போன சனிக்கிழமை கணினியைத் திறந்தீர்களா?" என்று கேட்டேன். பதில்களிலிருந்து வாரம் 44 மணி என்று மதிப்பிட்டேன். ஆண்டுக்கு 8,88,000 ரூபாயை 2,024 மணியால் வகுத்தால் 439. பழைய வேலையைவிட அப்போதே பத்து ரூபாய் மேலே. சேர்ந்த பிறகு எட்டு வாரம் எழுதிப் பார்த்ததில் சராசரி 42 வந்தது. மணிக்கு 460 ரூபாய்.

முப்பது ரூபாய் வித்தியாசத்துக்காகவா என்று கேட்கலாம். என்னை முடிவெடுக்க வைத்தது சராசரி அல்ல, அந்தக் கூடுதல் மணிகளின் விலை. பழைய வேலையில் நான் ஆண்டுக்கு 644 மணி அதிகம் உழைத்தேன். அதற்கு ஈடாக அதிகம் கிடைத்தது 2,16,000 ரூபாய். வகுத்தால் மணிக்கு 335. அதாவது, பகலில் 460 ரூபாய் பெறுமான என் நேரத்தை, இரவிலும் சனிக்கிழமையிலும், மகள் தூங்கிப்போன பிறகும், 335 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு நான் அழைப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இந்த நேரத்துக்கு உனக்கு ஓ.டி. போடுவார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சட்டம் வகுத்த வேலை நேரத்துக்கு மேல் உழைத்தால் அவருக்கு வழக்கமான கூலியைப்போல் இரு மடங்கு. அவருடைய நேரம் இருட்ட இருட்ட விலை ஏறுகிறது. மாதச் சம்பளக்காரனான என் நேரம் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் மலிவாகிறது, ஏனென்றால் மேலே இருக்கும் எண் அசையாமல் கீழே இருக்கும் எண் மட்டும் வளர்கிறது.

ஊதிய உயர்வையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும். விலகும்போது பத்து விழுக்காடு உயர்வு தருவதாகச் சொன்னார்கள். கூடவே ஒரு குழுவின் பொறுப்பும். 56 மணி 61.6 மணி ஆனால் அந்த உயர்வு முழுவதும் கரைந்துவிடும். அது நாளுக்கு ஒரு மணியும் சில நிமிடங்களும்தான். குழுப் பொறுப்பு அதற்குக் குறைவாகவா கேட்கும்?

பெரிய நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அங்கே வாரம் 52 மணிக்குள் முடித்திருக்க முடியுமானால் மணிக் கூலி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். அப்போது நான் விலகியிருக்க மாட்டேன். வீட்டுக் கடன் தவணை கழுத்தை நெரிக்கும் ஒருவருக்கு மாதக் கடைசியில் கையில் இருக்கும் தொகைதான் பேசும், மணிக் கூலியை வைத்து வங்கிக்குத் தவணை கட்ட முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நீண்ட இரவுகளில் கற்றது எனக்கே பின்னால் உதவியது. அதற்கு ரூபாயில் மதிப்புப் போட எனக்கு வழி தெரியவில்லை. பெரிய நிறுவனத்தில் பத்து ஆண்டு இருந்து மேலே போனவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். நான் அங்கே இருந்தது நான்கு ஆண்டுகள்தான்.

கிண்டி வேலைக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறேன். வாரம் 45 மணியைத் தொட்டால் என் கூலி 429-க்கு இறங்கி, மாதம் 18,000 ரூபாயை உண்மையிலேயே இழந்தவன் ஆகிவிடுவேன். கடந்த இரண்டு மாதங்களின் சராசரி 43. குறிப்பேட்டை இன்னும் மூடவில்லை.