ஆறு நிமிடம் மூன்று மணித்தியாலமாக மாறினதுக்கு 14,500 ரூபா கட்டினேன்

கல்லடியில் இருந்து கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன் நான். போன மாதம் எடிட்டிங் மென்பொருளுக்கு 12 ஜிபி அப்டேட் ஒன்று போட்டேன். 70 வீதத்தில் “மீதி 6 நிமிடம்” என்று காட்டியது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் “3 மணி 20 நிமிடம்”. பயந்துபோய் அப்டேட்டை நிறுத்தி, லெப்டொப்பை டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

“அண்ணன், நேரம் இப்பிடி ஏறுது எண்டா ஹாட் டிஸ்க் சாகப்போகுது. உடன மாத்துங்க” என்றார் கடைத் தம்பி. டிஸ்க்கைச் சோதித்ததாகத் தெரியவில்லை. பழையதில் இருந்ததை அப்படியே பிரதி எடுத்து, பாவித்த வேறொரு ஹாட் டிஸ்க்கைப் போட்டுத் தந்தார். 14,500 ரூபா.

வீட்டுக்கு வந்து அதே அப்டேட்டைத் திரும்பப் போட்டேன். அதே 70 வீதம், அதே மூன்று மணித்தியாலம்! அப்போதுதான் மச்சானுக்குப் போன் எடுத்தேன். “நிப்பாட்டாம விடு” என்றான். அதிலிருந்து 23 நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மச்சான் விளங்கப்படுத்தினது இதுதான். அப்டேட் எவ்வளவு முடிந்தது, மீதி எத்தனை நிமிடம் என்று காட்டும் அந்தப் பட்டைக்கு வரப்போகும் வேலை எதுவும் தெரியாது. மீதி அளவை அந்த நேரத்து வேகத்தால் வகுத்துக் காட்டும், அவ்வளவுதான். 70 வீதம் வரைக்கும் பெரிய பெரிய கோப்புகள், செக்கனுக்கு 10 எம்பி போகிறது. மீதி 3,600 எம்பி, ஆகவே 360 செக்கன், 6 நிமிடம். அதற்குப் பிறகு எழுத்துருக்களும் ஐகான்களுமாக ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கின் ஊசி இடம் மாறி ஓட வேண்டும், வைரஸ் கார்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். வேகம் 0.3 எம்பிக்கு விழுகிறது. அதே 3,600ஐ 0.3ஆல் வகுத்தால் 12,000 செக்கன். மூன்று மணி இருபது நிமிடம்!

உண்மையில் குட்டிக் கோப்புகள் எல்லாமாக 300 எம்பி அளவுதான். அது 17 நிமிடத்தில் முடிந்ததும் வேகம் பழையபடி ஏற, மிச்சம் ஐந்தரை நிமிடத்தில் போய்விட்டது. பட்டை பொய் சொல்லவில்லை, தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னது. (கடைத் தம்பியைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

டிஸ்க் பழுதானாலும் வேகம் விழும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது இந்த அப்டேட் மட்டுமல்ல, ஒரு பெரிய வீடியோவைப் பிரதி எடுத்தாலும் இழுபடும். சிலவேளை ‘டிக் டிக்’ சத்தமும் வரும். பழைய டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டு CrystalDiskInfo என்ற இலவச மென்பொருளால் பார்த்தோம். Good என்று வந்தது. Caution என்றோ Bad என்றோ வந்திருந்தால் நானே மாற்றச் சொல்லியிருப்பேன். மற்றபடி, லெப்டொப்பின் டிஸ்க் லைட் மினுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, நிறுத்தாதீர்கள்.

நல்லவேளை, பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது அதில்தான் கல்யாண வீடியோக்களை பேக்கப் எடுத்து வைக்கிறேன்.