விளக்கம் கேட்டு வந்த கடிதம்: பத்திச் சுருக்கமா, கேள்வி அட்டவணையா, துறைவாரிப் பட்டியலா?

ஒழுங்குமுறை அமைப்பிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததும், அதைச் சுருக்கி உள்ளே அனுப்பும் வேலை பெரும்பாலும் இணக்கப் பிரிவின் தலையில் விழும். சுருக்குவதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கடிதத்தைப் பத்தி பத்தியாகச் சுருக்கி ஒரு பக்கக் குறிப்பாக்குவது ஒன்று. கேள்விகளைப் பிரித்து எண்ணிட்டு அட்டவணை போடுவது இன்னொன்று. எந்தத் துறை எதைத் தர வேண்டும் என்று பிரித்துப் பணிப்பட்டியலாக அனுப்புவது மூன்றாவது. ஒரே கடிதத்தில் மூன்றையும் போட்டுப் பார்த்தால் எது எங்கே சறுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

மாதிரிக்கு, கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றுக்கு வந்த கடிதம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 3, திங்கள் தேதியிட்டது. கைக்குக் கிடைத்தது மார்ச் 6, வியாழன். முக்கியமான பத்திகள் மூன்று:

பத்தி 3: "நிறுவனம் அளித்த அரையாண்டு விவரத்தில் புகார்கள் 412 என்றும், அதே காலத்துக்கான உள் தணிக்கை அறிக்கையில் 438 என்றும் உள்ளது கவனிக்கப்பட்டது."

பத்தி 5: "அக்காலத்தில் பெறப்பட்ட அனைத்துப் புகார்களின் எண்ணிக்கையையும், 30 நாட்களுக்கு மேல் தீர்க்கப்படாதவற்றையும், அதற்கான காரணத்தையும் கிளைவாரியாகத் தெரிவிக்கவும். இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த குறைதீர்ப்பு நடைமுறையின் சான்றொப்பமிட்ட நகலை இணைக்கவும்."

பத்தி 7: "மேற்கண்ட விவரங்கள் சரியானவை என உறுதிப்படுத்தி, இக்கடிதம் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் பதிலளிக்கவும்."

பத்திச் சுருக்கம் எழுதுகிறவர் பத்தி 3-ஐப் பின்னணி என்று எடுத்துக்கொண்டு, "புகார் எண்ணிக்கை குறித்து விவரம் கேட்டுள்ளார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 26 புகார்களின் வித்தியாசம் காணாமல் போய்விட்டது. பத்தி 3-இல் கேள்விக்குறி இல்லை, "விளக்கவும்" என்ற சொல்லும் இல்லை. இருந்தாலும் கடிதம் எழுதப்பட்டதே அந்த வித்தியாசத்தால்தான். "கவனிக்கப்பட்டது", "காணப்படுகிறது", "தெளிவாக இல்லை" என்று முடியும் வாக்கியங்களைக் கேள்வியாகவே எண்ண வேண்டும். பதிலில் இதைத் தொடாமல் விட்டால் அடுத்த கடிதம் நிச்சயம். அதன் தொனியும் கடுமையாக இருக்கும்.

இந்த வழியில் இன்னொரு சிக்கல் சொற்கள் தேய்வது. "அனைத்துப் புகார்களும்" என்பது சுருக்கத்தில் "புகார்கள்" ஆகும், "கிளைவாரியாக" விழுந்துவிடும், "சான்றொப்பமிட்ட நகல்" வெறும் "நகல்" ஆகும். மூலக் கடிதத்தைப் பார்க்காத கிளை மேலாளர் மொத்த எண்ணிக்கையை மட்டும் அனுப்புவார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. நிலைமை என்ன என்று மேலிடம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொள்ள இந்தக் குறிப்பு போதும். வேலை வாங்க இது உதவாது.

கேள்வி அட்டவணையில் இதே மூன்று பத்திகளும் ஆறு வரிகளாகப் பிரிகின்றன:

| எண் | கடிதத்தின் சொல் | என்ன தர வேண்டும் | பொறுப்பு |
|---|---|---|---|
| 3 | 412 / 438 "கவனிக்கப்பட்டது" | வித்தியாசத்துக்கு விளக்கம், இரு பட்டியல்களின் ஒப்பீடு | உள் தணிக்கைத் தலைவர் |
| 5-அ | "அனைத்துப் புகார்களின் எண்ணிக்கை… கிளைவாரியாக" | கிளைவாரி அட்டவணை | குறைதீர்ப்பு மேலாளர் |
| 5-ஆ | "30 நாட்களுக்கு மேல் தீர்க்கப்படாதவை" | புகார் எண், தேதியுடன் பட்டியல் | குறைதீர்ப்பு மேலாளர் |
| 5-இ | "அதற்கான காரணம்" | ஒவ்வொரு புகாருக்கும் காரணம் | செயல்பாட்டுத் தலைவர் |
| 5-ஈ | "சான்றொப்பமிட்ட நகல்" | நடைமுறை, குழுத் தீர்மானம் | நிறுவனச் செயலர் |
| 7 | "சரியானவை என உறுதிப்படுத்தி" | கையொப்பமிட்ட உறுதிமொழி | இணக்கத் தலைவர் |

எண்களைக் கடிதத்தின் எண்ணிலேயே வைத்திருப்பது முக்கியம். 5-அ, 5-ஆ இரண்டும் ஒரே விஷயம்தானே என்று சேர்த்துவிடத் தோன்றும். சேர்த்தால், பதிலைக் கடிதத்தோடு ஒப்பிட்டு டிக் போடுகிற அதிகாரிக்கு 5-ஆவுக்கு விடை எங்கே என்று தெரியாது. அட்டவணையின் இரண்டாவது நெடுவரிசையில் மூலச் சொல்லை அப்படியே ஒட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். நம் சொற்களுக்கு அடுத்த நெடுவரிசையில் இடம் இருக்கிறது.

இந்த முறைக்கும் குறை உண்டு. பதிலுக்கும் ஆவணத்துக்கும் ஆள் வேறாக இருக்கும்போது ஒரே பெயர் போட்டால் வேலை நடுவில் நின்றுவிடும். வரி 3-இல் விளக்கம் எழுதுவது தணிக்கைத் தலைவர். ஆனால் 412 வந்த பட்டியல் குறைதீர்ப்புப் பிரிவின் கையில் இருக்கிறது. அந்த வரியில் "ஆவணம் தருபவர்" என்று இன்னொரு பெயர் வேண்டும். அந்த இடத்தில் "நிதித் துறை" என்றோ "சம்பந்தப்பட்டவர்கள்" என்றோ எழுதினால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஆள் பெயரே வேண்டும்.

துறைவாரிப் பட்டியல் அனுப்ப எளிது. ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் பார்ப்பார், வேகமாகவும் வேலை நடக்கும். அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. குறைதீர்ப்பு மேலாளர் 5-அவுக்கு 412 என்று அட்டவணை தருவார். தணிக்கைத் தலைவர் வரி 3-இல் 438-தான் சரி என்று எழுதுவார். இருவரும் தத்தம் பட்டியலை முடித்துவிட்டார்கள். ஒரே பதிலில் இரண்டு எண்கள் போகும், அதன்கீழ் இணக்கத் தலைவரின் உறுதிமொழிக் கையெழுத்தும் போகும். ஆகவே வரி 3 முடிந்த பிறகே 5-அவைத் தொடங்க வேண்டும் என்ற வரிசையை யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும். அட்டவணையில் அதற்கு ஒரு குறிப்பு போடலாம். தனித்தனியாகப் போன பட்டியல்களில் அந்தத் தொடர்பு யார் கண்ணுக்கும் படாது.

என் தேர்வு கேள்வி அட்டவணை. அதை மூலமாக வைத்து, அதே எக்செல் தாளைப் பொறுப்பாளர் பெயரில் வடிகட்டித் துறைப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். பத்திச் சுருக்கத்தைக் கடைசியில், மேலிடத்துக்கு மட்டும், அட்டவணையைப் பார்த்து எழுதினால் போதும். ஒரே ஒரு ஆவணம் கேட்டு வரும் இரண்டு வரிக் கடிதத்துக்கு அட்டவணை வேண்டாம், ஒரு மெயிலே போதும்.

கெடுவில் மூன்று வழிகளுமே ஏமாறும். "10 நாள்" என்று மட்டும் குறித்தால், கடிதத் தேதியிலிருந்து நாட்காட்டி நாட்களாக எண்ணுகிறவர் மார்ச் 13 என்பார். கடிதத் தேதியிலிருந்து வேலை நாட்களாக எண்ணுகிறவர் மார்ச் 17 என்பார். இந்தக் கடிதம் "கிடைத்த", "வேலை நாட்கள்" என்று இரண்டையும் சொல்கிறது. கிடைத்த நாளை விட்டு, சனி ஞாயிறு நீக்கி, நடுவில் வேறு விடுமுறை இல்லை என்று எண்ணினால் மார்ச் 20, வியாழன். எண்ணுவதற்கு அந்த அமைப்பின் விதிகளில் தனி முறை இருந்தால் அதுவே செல்லும். கடிதம் எதையும் தெளிவாகச் சொல்லாவிட்டால், மிக முந்தைய தேதியை வைத்துக்கொண்டு எழுத்தில் கேட்பதே பாதுகாப்பு. கடிதம் கிடைத்ததற்கான முத்திரையையோ மெயிலின் நேரத்தையோ அட்டவணையின் தலையிலேயே ஒட்டிவிட வேண்டும்.

அந்த 20-ஆம் தேதியைப் பொறுப்பாளர்களுக்குக் கொடுக்கக் கூடாது. கையொப்பத்துக்கும் அனுப்புவதற்கும் 19, 20. சட்டப் பிரிவு படிக்க 17, 18. எண்களை ஒன்றோடொன்று சரிபார்க்க 14. அப்படியானால் விவரங்கள் 13-ஆம் தேதி மாலைக்குள் வர வேண்டும். வரி 3 மட்டும் 11-க்குள். 5-இ போல ஒவ்வொரு புகாரின் கோப்பையும் திறந்து பார்க்க வேண்டிய வரி இருந்தால், அது முடியுமா என்று 11-ஆம் தேதியே கேட்டுவிட வேண்டும். முடியாது என்றால் அன்றே கால நீட்டிப்புக் கடிதம் போகட்டும். எந்த வரிக்கு எத்தனை நாள், ஏன் என்று அதில் சொல்லி, மற்ற ஐந்து வரிகளுக்கான பதில் குறித்த தேதியில் வரும் என்றும் எழுதலாம். ஒப்புதல் எழுத்தில் வரும்வரை அட்டவணையில் 5-இயின் கெடு 20 என்றே இருக்கட்டும்.