இரண்டு வருடமாக ஒரே தாள்: சந்தையில் கடை போடும் சரிபார்ப்புப் பட்டியல்

வாராவாரம் சந்தையில் காய்கறிக் கடை போடுகிறோம், நானும் அக்காவும். கிளம்பும்போது எதையாவது மறப்பது வழக்கமாகிவிட்டதால், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தாளில் பட்டியல் எழுதி லேமினேட் செய்து கல்லாப்பெட்டி மூடிக்குள் ஒட்டினேன். தராசு, சில்லறை, பை, விலைப்பலகை, மிச்சக் கணக்கு என்று ஐந்தே வரிதான்.

பையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காகிதப் பை பனி ஈரத்தில் ஊறினால் அடி கழன்றுவிடும், அதனால் மூடி போட்ட டப்பாவில் வைக்கிறோம். விலைப்பலகையில் கிலோவுக்கா, கட்டுக்கா என்று விலையின் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்று முழுக்க அந்த ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

சில்லறை விஷயத்தில் பட்டியலை ஒருமுறை திருத்தினேன். முதலில் ‘சில்லறை எடு’ என்று மட்டும் இருந்தது. இப்போது ‘எண்ணி எழுது’ என்றும் இருக்கிறது. காலையில் எவ்வளவோடு கல்லாவைத் திறந்தோம் என்பது தெரியாமல், மாலையில் வசூல் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

தராசுக்கு மூன்று வேலை. மேஜை ஆடாமல் இருக்கிறதா, தராசின் ரசமட்டக் குமிழ் வட்டத்துக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் முத்திரை போட்ட ஒரு கிலோ எடைக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்ப்பேன். நடுவில் சரியாகக் காட்டி மூலையில் மாறினால் தட்டு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், அல்லது அடியில் எதுவோ முட்டுகிறது. எங்களுக்கு ஒருமுறை காய்ந்த கொத்தமல்லித் தண்டு மாட்டியிருந்தது. தட்டு காலியாக இருக்கும்போதே எண் துள்ளினால் பெரும்பாலும் காற்றுதான் காரணம், ஒரு பக்கம் அட்டை வைத்து மறைத்தால் போதும்.

ஆனால் இந்தத் தாளை நான் விடாமல் வைத்திருப்பது கடைசி வரிக்காகத்தான். கடை மூடும்போது ஒவ்வொரு காய்க்கும் நான்கு எண் எழுதுகிறோம்: கொண்டுபோனது, விற்றது, நல்லபடி மிஞ்சியது, நசுங்கியோ அழுகியோ கழித்தது. பின் மூன்றையும் கூட்டினால் முதல் எண் வரவேண்டும்.

ஒருநாள் தக்காளி கொண்டுபோனது 40 கிலோ. விற்றது 30.2, மிஞ்சியது 6.5, கழித்தது 1.3. கூட்டினால் 38. இரண்டு கிலோவைக் காணோம்!

“நீ கொசுறு அள்ளி அள்ளிப் போடுறே, வேற எங்க போகும்?” என்றார் அக்கா. எனக்குத் தராசு மேல் சந்தேகம். எடைக்கல்லை வைத்தால் சுத்தமாக 1.000 காட்டியது. அடுத்த வாரம் மழை, பாதிகூட விற்கவில்லை. அப்போதும் அதே இரண்டு கிலோ குறைந்தது. கொசுறு காரணமாக இருந்தால் விற்பனை குறையும்போது இழப்பும் குறைந்திருக்க வேண்டும். பழைய பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு ட்ரே கொண்டுபோன நாளில் ஒரு கிலோ குறைவு, மூன்று ட்ரே என்றால் ஒன்றரை. ட்ரேக்கு அரை கிலோ!

விஷயம் வீட்டில்தான் இருந்தது. கிளம்பும்போது தக்காளியை ட்ரேயோடு எடை போட்டு, காலி ட்ரேக்கு ஒன்றரை கிலோ கழிப்போம். அது பழைய ட்ரேயின் எடை. புதிதாக வாங்கியவை இரண்டு கிலோ. மாலையில் மிச்சத்தை எடை போடும்போது காலிப் பேசினைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கும் டேர் பட்டனை அழுத்திவிடுவதால் அந்தப் பக்கம் தப்பு இல்லை. தக்காளி எங்கேயும் போகவில்லை, நாங்கள் கொண்டுபோனதே 38 கிலோதான். இப்போது ஒவ்வொரு ட்ரேயின் பக்கவாட்டிலும் அதன் எடையை அழியாத மையில் எழுதியிருக்கிறோம். அக்காவிடம் இன்னும் கொசுறுப் பேச்சு கேட்கிறேன், அது வேறு விஷயம்.

இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. கீரை காலையிலிருந்து மாலைக்குள் வாடி எடை குறைந்துவிடும் என்பதால் அதைக் கட்டு எண்ணித்தான் எழுதுகிறோம். இன்னொரு குறையைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது. மிச்சம் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, சரியான அளவு கொண்டுபோனோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெண்டைக்காய் கடை மூடும் நேரத்தில் தீர்ந்தாலும் பூஜ்யம்தான், திறந்த ஒரு மணி நேரத்தில் தீர்ந்தாலும் பூஜ்யம்தான். அதனால் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்து, தீர்ந்த நேரத்தை எழுதுகிறோம். இரண்டு மாதமாக வெண்டைக்காய்க்கு அதில் பத்து மணிக்கு மேல் எழுதியதே இல்லை. அடுத்த விதைப்பில் அதற்கு ஒரு பாத்தி கூட்டியிருக்கிறோம்.