தவணை வியாபாரக் கணக்கு: அட்டையா, ஆப்பா, டேலியா, கூகுள் ஷீட்டா?

திருப்பூர் பக்கம் ஒரு சிறிய வீட்டு உபயோகப் பொருள் கடை எங்களுடையது. கிரைண்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ என்று விற்பனையில் பாதிக்கு மேல் தவணைதான். பைனான்ஸ் கம்பெனி வழியாகப் போகிற பில்களுக்கு நமக்கு வசூல் வேலை இல்லை, அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். கடையே நம்பிக்கையில் கொடுக்கிற தவணைக்கு எதில் கணக்கு வைப்பது என்பதுதான் பேச்சு. நான் கூகுள் ஷீட்டுக்கு மாறிவிட்டேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

அட்டையும் பேரேடும் எல்லோருக்கும் பழக்கமானவை. வாடிக்கையாளர் கையில் ஒரு அட்டை, கடையில் அதே கணக்குக்கு ஒரு பக்கம். பணம் வாங்கும்போது இரண்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் தகராறுக்கு இடமில்லை. ஆனால் இன்று யார் யாருக்குத் தவணை நாள் என்று பார்க்கப் பேரேடு முழுவதையும் புரட்ட வேண்டும். இருநூறு கணக்குக்கு மேல் போனால் அது நடக்காத வேலை. இருந்தாலும் அட்டையை நான் விடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காத்தாபுக், ஓகேகிரெடிட் மாதிரியான கடன் ஆப்களில் நினைவூட்டல் சுலபம். பெயரைத் தொட்டு, வசூல் தேதி குறித்து, வாட்ஸ்அப்பில் தட்டிவிடலாம். மளிகைக் கடைக்கு அது போதும். அங்கே கணக்கு என்பது ஒரே பாக்கித் தொகை. தவணையில் அப்படி இல்லை. மொத்தப் பாக்கி 11,880 ரூபாய் என்றாலும் இன்று கேட்க வேண்டியது 1,980 மட்டும். 11,880 பாக்கி என்று செய்தி போனால், ஒழுங்காகக் கட்டுகிறவருக்கும் கோபம் வரும்.

டேலியில் இதைச் சரியாகவே செய்யலாம். விற்பனை வவுச்சர் போடும்போது பில்வாரி விவரத்தில் ஒரே ரெஃபரன்ஸ் கொடுக்காமல், பத்துத் தவணைக்குப் பத்து ரெஃபரன்ஸ், ஒவ்வொன்றுக்கும் அதன் கெடு நாள் என்று பிரித்தால், எது எத்தனை நாள் தாண்டியது என்று அவுட்ஸ்டாண்டிங் அறிக்கையில் வந்துவிடும். நினைவூட்டல் கடிதமும் அடிக்கலாம். ஜிஎஸ்டிக்கு எப்படியும் டேலி வேண்டும். பணம் பத்து மாதத்தில் வந்தாலும் பொருளின் வரி முழுவதும் விற்ற மாதக் கணக்கிலேயே கட்ட வேண்டியதாயிற்றே. ஆனால் வீதிக்குப் போய் வசூல் பண்ணுகிற பையன் கையில் டேலியைக் கொடுக்க முடியாது. பத்து ரெஃபரன்ஸையும் ஒவ்வொரு விற்பனைக்கும் உட்கார்ந்து அடிக்கவும் ஆள் வேண்டும்.

சரி, இதெல்லாம் வசதிக் குறைவுகள். பழகினால் சமாளித்துவிடலாம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒரு விஷயம். கணக்கை முன்கூட்டியே முடிக்க வருகிறவருக்கு என்ன தொகை சொல்வது என்பதுதான் அது.

எங்கள் ஊரில் தீபாவளி போனஸ் வந்த வாரம் இது தினமும் நடக்கும். "அண்ணா, போனஸ் வந்துருச்சுங்க. மிச்சத்த மொத்தமா கட்டிட்டா எவ்வளவு கொறப்பீங்க?" என்று பனியன் கம்பெனிப் பெண்கள் கேட்பார்கள். சீட்டு எடுத்தவர்களும் அப்படித்தான் வருவார்கள். அந்த நேரத்தில் வாயில் வந்த தொகையைச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு தொகை சொன்னது மறுநாளே தெரிந்துவிடும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பிரிட்ஜின் ரொக்க விலை 24,000. முன்பணம் 6,000. மீதி 18,000-க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் நேர் வட்டி, பத்து மாதம். வட்டி 1,800. ஆக மொத்தம் 19,800, மாதம் 1,980. நான்கு தவணை ஒழுங்காகக் கட்டிவிட்டு ஒருவர் முடிக்க வருகிறார். தவணைப்படி பாக்கி 11,880.

அந்த 11,880-ஐயும் அப்படியே கேட்கிற கடைகள் உண்டு. அது நியாயமில்லை. இன்னும் ஆறு மாதம் நம் பணம் வெளியே நிற்கப் போவதில்லையே. வாடிக்கையாளர் மனதில் இருக்கிற கணக்கு வேறு. பத்து மாதத்துக்கு 1,800 என்றால் ஆறு மாதத்துக்கு 1,080, அதைக் கழித்து 10,800 கொடுத்தால் போதும் என்பார். கேட்க நேர்மையாக இருக்கும், ஆனால் இதில் கடைக்கு நஷ்டம். முதல் மாதம் 18,000 முழுவதும் வெளியே நிற்கிறது. கடைசி மாதம் ஏறக்குறைய ஒரு தவணை அளவுதான் நிற்கிறது. ஆகவே வட்டியின் பெரும் பங்கு முதல் மாதங்களுக்கு உரியது. எல்லா மாதத்துக்கும் சமமாகப் பிரித்தால் முதல் நான்கு மாத உழைப்பில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சரியான கணக்கு குறையும் நிலுவைக் கணக்கு. ஷீட்டில் ஒரே வரி:

```
=PV(RATE(10,-1980,18000),6,-1980)
```

விடை சுமார் 11,177. நேர் வட்டி 12 என்று சொல்வது இந்தக் கணக்கில் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்பதையும் இதே RATE-ஐ 12-ஆல் பெருக்கினால் காட்டிக் கொடுத்துவிடும். தவணை கொடுக்கிற எவரும் அதை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த 11,177 எப்படி வந்தது என்று கல்லா முன் நிற்கிறவருக்கு விளக்க முடியாது. அதனால் நான் 78 விதியைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு மாதக் கடனில் 1 முதல் 12 வரை கூட்டினால் 78 வரும், பெயர் அப்படி வந்ததுதான். நம் பத்து மாதத்துக்கு 1 முதல் 10 வரை கூட்டினால் 55. மிச்சமிருக்கிற ஆறு தவணைக்கு 1 முதல் 6 வரை கூட்டினால் 21. வட்டி 1,800-ஐ 55 பங்காக்கி, அதில் 21 பங்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். 687 ரூபாய் குறைகிறது, கட்ட வேண்டியது 11,193. குறையும் நிலுவைக் கணக்குக்கும் இதற்கும் பதினாறு ரூபாய்தான் வித்தியாசம். பத்து, பன்னிரண்டு மாதத் தவணைக்கு இது போதும். இரண்டு மூன்று வருடத் தவணைக்கு இதை வைக்காதீர்கள். காலம் நீள நீள இந்த விதி வாடிக்கையாளருக்கு எதிராகச் சாயும், அங்கே PV கணக்குதான் நியாயம்.

B2 தவணைத் தொகை, C2 மொத்தத் தவணை எண்ணிக்கை, D2 மொத்த வட்டி, E2 மீதித் தவணை எண்ணிக்கை என்றால்:

```
=ROUND(E2*B2-D2*E2*(E2+1)/(C2*(C2+1)),0)
```

இந்த வரி கையில் இருப்பதால் விற்கிற அன்றே அட்டையில் ஒரு பத்தியைக் கூடுதலாக அச்சடித்துவிடுகிறேன். ஒவ்வொரு தவணைக்கும் நேராக, 'இத்துடன் முடித்தால்' என்று ஒரு தொகை. நான்காம் தவணைக்கு நேரே 11,193, ஆறுக்கு நேரே 7,593, எட்டுக்கு நேரே 3,862. போனஸ் வாரத்தில் யாரும் பேரம் பேசுவதில்லை. அட்டையைப் பார்த்துத் தொகையை எண்ணிக்கொண்டே வருகிறார்கள். அட்டையை விடாததற்குக் காரணம் இதுதான். கடன் ஆப்பில் இந்தத் தொகைக்கு வழியே இல்லை. டேலியில் தள்ளுபடியைப் பதியலாம், தொகையை வெளியே கணக்குப் போட்டுக் கொண்டுவந்துதான் அடிக்க வேண்டும்.

இந்தத் தொகை சரியாக வரவேண்டும் என்றால் ஷீட்டை ஒரு விதமாகத்தான் அமைக்க வேண்டும். தவணைக்கு எதிரே 'கட்டியாச்சு' என்று டிக் அடிக்கிற முறை வேலைக்காகாது. மக்கள் 1,980 கட்டுவதில்லை, ஒரு மாதம் 1,500, அடுத்த மாதம் 2,500 என்று கட்டுவார்கள். அதனால் கெடு நாள்கள் Due என்று ஒரு தாளில், வந்த பணம் எல்லாம் Paid என்று இன்னொரு தாளில். இரண்டிலும் முதல் பத்தி கணக்கு எண், இரண்டாவது தேதி, மூன்றாவது தொகை. A2-ல் கணக்கு எண் என்றால், இன்றுவரை வந்திருக்க வேண்டியதிலிருந்து வந்ததைக் கழித்தால் நிலுவை:

```
=SUMIFS(Due!C:C,Due!A:A,A2,Due!B:B,"<="&TODAY())-SUMIFS(Paid!C:C,Paid!A:A,A2)
```

விடை கழித்தலில் வந்தால் அவர் முன்கூட்டியே கட்டியிருக்கிறார், நினைவூட்டல் போகக் கூடாது. முடிக்க வருகிறவருக்கு நிலுவை இருந்தால் முதலில் அதை முழுதாக வாங்கிக்கொண்டு, இன்னும் கெடு வராத தவணைகளுக்கு மட்டும் தள்ளுபடி.

கெடு நாளில் ஒரு பொறி இருக்கிறது. முந்தைய தேதியோடு ஒரு மாதம் கூட்டிக்கொண்டே போனால், ஜனவரி 31-ல் விற்றது பிப்ரவரி 28-க்கு வந்து, பிறகு மார்ச், ஏப்ரல் எல்லாம் 28-லேயே மாட்டிக்கொள்ளும். எப்போதும் விற்ற தேதியிலிருந்தே EDATE போட வேண்டும், மாத எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு.

நினைவூட்டலை கெடு நாளுக்கு முந்தைய நாள் என்று நான் வைக்கவில்லை. இங்கே நிறையப் பேருக்குச் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். அடுத்த ஏழு நாளில் கெடு வருகிறவர்களை வெள்ளிக்கிழமை வடிகட்டி, ஒவ்வொருவருக்கும் wa.me இணைப்பைத் தொட்டு வாட்ஸ்அப் அனுப்புகிறோம். அந்தத் தாளில் B-யில் போன் எண், H-ல் செய்தி:

```
=HYPERLINK("https://wa.me/91"&B2&"?text="&ENCODEURL(H2),"அனுப்பு")
```

ஒவ்வொன்றாகத்தான் அனுப்ப முடியும். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி பதிவு, டெம்ப்ளேட் அனுமதி என்று தனி வேலை, எங்கள் அளவுக்கு அது தேவைப்படவில்லை.

ஷீட்டின் பலவீனம் யாரும் எதையும் அழித்துவிடலாம் என்பது. ஒரு பத்தியை மட்டும் தெரியாமல் வரிசைப்படுத்தினால் ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் பெயரில் நிற்கும். அதனால் வசூல் பையனுக்கு ஷீட் கிடையாது, கூகுள் ஃபார்ம் மட்டும். கணக்கு எண், தொகை, ரொக்கமா ஜிபேயா, அவ்வளவுதான். அவனால் வரி சேர்க்க முடியும், பழையதைத் தொட முடியாது. சூத்திரம் உள்ள பத்திகள் பூட்டியிருக்கும். மாதக் கடைசியில் ஷீட்டின் மொத்தப் பாக்கியும் டேலியின் வாடிக்கையாளர் பாக்கியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் ஃபார்மில் கணக்கு எண் ஒரு இலக்கம் மாறியிருக்கும்.

தவணை வசூலுக்கென்றே விற்கிற தனி மென்பொருளை டெமோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று கிளை, ஆயிரக்கணக்கில் கணக்கு என்று இருப்பவர்களுக்கு அது ஷீட்டைவிடப் பொருந்தலாம், அந்த அளவில் நான் வியாபாரம் செய்ததில்லை. வாங்கப் போகிறவர்கள் டெமோவில் மேலே சொன்ன பிரிட்ஜ் கணக்கைக் கொடுத்து, நான்கு தவணையில் முடித்தால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 11,880 வந்தால் தள்ளுபடிக் கணக்கே அதில் இல்லை. 10,800 வந்தால் வட்டியைச் சமமாகப் பிரிக்கிறது. 11,180, 11,190 பக்கம் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.