டர்பனில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கு: "பார்க்கிங் உண்டு" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

ஓவர்போர்ட் பக்கம் ஒரு காம்ப்ளெக்ஸில் இரண்டு படுக்கையறை வீடு எடுத்தோம். மாதம் 9,500 ராண்ட். விளம்பரத்தில் "இரண்டு பார்க்கிங்" என்று இருந்தது, எங்களிடம் மனைவியின் சின்னக் காரும் என் வேலைக்கான பக்கி என்கிற பிக்கப் வண்டியும் இருப்பதால் அந்த ஒரு வரிக்காகத்தான் அந்த வீட்டையே தேர்ந்தெடுத்தோம். வீட்டைக் காட்ட வந்த ஏஜென்ட் கீழே கூட்டிப்போய் "இதோ, பி14, பி15, இரண்டும் உங்களுக்கு" என்று கையைக் காட்டினார். நாங்களும் சரி என்று கையெழுத்துப் போட்டோம். ஒப்பந்தத்தில் எண் இல்லை, "பார்க்கிங் வசதி கிடைப்பதைப் பொறுத்து" என்று மட்டும் இருந்தது. அதைப் படித்தேன், படித்தும் கேள்வி கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பக்கியின் கண்ணாடியில் ஒரு தாள். பி15 வேறொருவருடைய இடமாம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டால், "அது பக்கத்து வீட்டு நண்பருடையது, எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார், இப்போது வீட்டை விற்றுவிட்டார், நான் என்ன செய்வது" என்கிறார். அதாவது அவரிடம் இல்லாத ஒன்றை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

இங்கேதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. வீடு தனித்தனி ஆளுக்கும், நிலமும் பொது இடங்களும் எல்லோருக்கும் சேர்த்தும் சொந்தமாக இருக்கும் செக்ஷனல் டைட்டில் கட்டடங்களில் பார்க்கிங் இடம் எல்லாம் ஒரே மாதிரி உரிமை இல்லை. சில இடங்கள் வீட்டின் பகுதியாகவே பத்திரத்தில் இருக்கும், கராஜ்கள் பல இப்படித்தான். சில இடங்கள் பொது நிலம்தான், ஆனால் அந்த வீட்டுக்கு மட்டும் பயன்படுத்தும் உரிமை பதிவாகியிருக்கும், அல்லது கட்டடத்தின் விதிகளில் எழுதியிருக்கும். இதை எக்ஸ்க்ளூசிவ் யூஸ் என்பார்கள். மூன்றாவது வகை, வீட்டு உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவான டிரஸ்டிகள் ஒதுக்கிக் கொடுத்தது. அவர்கள் எந்த நிபந்தனையில் கொடுத்தார்களோ அதுவரைதான், பத்திரத்தின் பலம் அதற்கு இல்லை. நான்காவது எங்களுக்கு நடந்தது, வாய்வார்த்தை. பார்க்கும்போது நான்கும் ஒன்றுதான், வெள்ளைக்கோடு போட்ட சிமெண்ட் தரை.

ஆகவே "பார்க்கிங் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "இந்த இடம் எந்த உரிமையில் உங்களுடையது, காகிதத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வீட்டுக்காரர்கள் மாதாமாதம் எல்லா உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்பான பாடி கார்ப்பரேட்டுக்கு லெவி என்ற பராமரிப்புத் தொகை கட்டுகிறார்கள், எக்ஸ்க்ளூசிவ் யூஸ் இடம் இருந்தால் பெரும்பாலும் அதற்கென்று ஒரு தொகை அந்த லெவி பில்லில் தனியாக எழுதியிருக்கும். அந்த பில்லின் ஒரு பிரதியைக் கேட்பது தப்பே இல்லை. இன்னொன்று, கதவில் இருக்கும் எண்ணும் கட்டடத்தின் பிளானில் அந்த வீட்டுக்கு இருக்கும் செக்ஷன் எண்ணும் பல கட்டடங்களில் வேறு வேறு. எங்கள் கதவு 14, பிளானில் செக்ஷன் 9. ஏஜென்ட் கதவு எண்ணைப் பார்த்து பி14 எங்களுடையது என்று முடிவு செய்திருக்கிறார்! நல்லவேளை, அது மட்டும் வீட்டுக்காரருடைய இடமாகவே இருந்தது. கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு "இந்தச் செக்ஷனுக்கு எந்தெந்த பார்க்கிங்" என்று வீட்டுக்காரரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லியிருந்தால் கையெழுத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

சரி, பி15 போனதும் பக்கியை விசிட்டர் பார்க்கிங்கில் விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு நாடு முழுதுக்குமான நடத்தை விதிகளிலேயே இருக்கிறது, உங்களுக்கு ஒதுக்கிய இடம் அல்லது விருந்தினருக்கு ஒதுக்கிய இடம் தவிரப் பொது நிலத்தில் வண்டி நிறுத்த டிரஸ்டிகளின் எழுத்து அனுமதி வேண்டும், அந்த அனுமதியில் எத்தனை நாளுக்கு என்றும் எழுதியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு கட்டடமும் தன் விதிகளைச் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் கட்டடத்தில் குடியிருப்பவர் விசிட்டர் இடத்தில் விடவே கூடாது, விருந்தினர் வண்டியும் இரவு 11 மணிக்கு மேல் நிற்கக் கூடாது. காவடிக்காக டோங்காட்டிலிருந்து அத்தையும் மாமாவும் வந்து ஒரு ராத்திரி தங்கினார்கள், காலையில் மாமாவின் கார் மேலும் ஒரு தாள். வயதான மனிதர், "நான் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா" என்று கேட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

தாளுக்கு 500 ராண்ட் அபராதம். பக்கிக்கு இரண்டு, மாமா காருக்கு ஒன்று, ஆக 1,500. அபராதம் நேராக நமக்கு வராது, வீட்டுக்காரரின் லெவி கணக்கில் ஏறும், அவர் ஒப்பந்தத்தைக் காட்டி நம்மிடம் வசூலிப்பார். அதனால் முன்பே கேளுங்கள், அபராதம் விதிக்கும் முன் விளக்கம் சொல்ல வாய்ப்பு உண்டா, அந்தக் கடிதத்தின் பிரதி எனக்கு வருமா என்று. எனக்கு ஒரு கடிதமும் காட்டவில்லை.

பக்கி வைத்திருப்பவர்கள் இடத்தை அளக்க டேப் எடுத்துப் போங்கள். டபுள் கேப் ஹைலக்ஸ் 5.3 மீட்டர் நீளம், பல கட்டடங்களில் பார்க்கிங் கோடு 5 மீட்டர்தான். பின்பக்கம் வழியில் நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த வீட்டார் புகார் செய்வார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். கம்பெனிப் பெயர் எழுதிய வண்டியையே சில இடங்களில் இரவில் விடுவதில்லை, அதையும் கேட்டுவிடுங்கள்.

யாரும் சொல்லாத இன்னொரு விஷயம் இன்சூரன்ஸ். வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்று கம்பெனி கேட்கும், நான் "பூட்டிய கேட்டுக்குள்" என்று சொல்லியிருந்தேன். அபராதத்துக்குப் பயந்து பக்கியைத் தெருவில் விட ஆரம்பித்த இரண்டாம் வாரம் கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்த கருவிகளை எடுத்துப் போய்விட்டார்கள். இடம் மாறியதை நான் சொல்லவில்லை, அதனால் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. பார்க்கிங் மாறினால் அன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள், பிரீமியம் ஏறினாலும் பரவாயில்லை.

அப்புறம் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் ரெண்டல் ஹவுசிங் டிரிப்யூனலில் புகார் கொடுத்தேன், அதற்குக் கட்டணம் இல்லை. 1999 ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி கட்டட விதிகளின் பிரதியை ஒப்பந்தத்தோடு இணைத்துத் தர வேண்டும். எங்களுக்கு விதிப்புத்தகம் வந்தது முதல் அபராதத்துக்குப் பிறகுதான். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்தி, வண்டியில் ஒட்டிய தாள்களின் படம் மூன்றையும் வைத்தேன். சமரசப் பேச்சிலேயே வீட்டுக்காரர் 1,500 ராண்டையும் விட்டுக்கொடுத்து, கூடுதல் பணம் கேட்காமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். கண்ணாடிக்கும் கருவிகளுக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது இருக்கும் வீட்டு ஒப்பந்தத்தில் நானே எழுதிச் சேர்த்த வரி இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "செக்ஷன் 22க்கு உரிய பி6, பி7 ஆகிய இரண்டு இடங்களும் இந்த வாடகையில் அடங்கும், இவற்றில் ஒன்று கிடைக்காமல் போனால் அந்த நாளிலிருந்து மாத வாடகையில் 600 ராண்ட் குறையும், வாடகைக்கு இருப்பவர் விரும்பினால் அபராதமின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்." புது வீட்டுக்காரர் இரண்டு நிமிடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், லெவி பில்லையும் அன்று மாலையே அனுப்பினார்.