பழைய ஸ்மார்ட்வாட்ச்: பேட்டரி மாற்றுவதா, எக்ஸ்சேஞ்சா, மறுசுழற்சியா?

பேட்டரி தேய்ந்த ஸ்மார்ட்வாட்ச்சுக்கு நான்கு வழிகள் உண்டு: பேட்டரி மாற்றுவது, எக்ஸ்சேஞ்சில் தள்ளுவது, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பது, பழைய இரும்புக்கடையில் போடுவது. நான் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டு, பட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கமே சாய்ந்து எழுதுகிறேன்.

பழைய இரும்புக்கடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போகும் வாட்ச்சைச் சுத்தியலால் உடைத்துத்தான் பிரிப்பார்கள். உள்ளே இருப்பது மெல்லிய உறையிட்ட லித்தியம் பாலிமர் பேட்டரி. அது நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கும். வீட்டுக் குப்பையில் போட்டாலும் அதே கதைதான். குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரம் சுத்தியலின் வேலையைச் செய்துவிடும். எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை, சார்ஜ் நிற்காத பழைய மாடலுக்குக் கிடைக்கும் தொகை அலைச்சலுக்கு ஈடாகாது. ஒன்றிரண்டு வருடமே ஆன, நல்ல நிலையில் உள்ள வாட்ச் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

உண்மையான போட்டி பேட்டரி மாற்றுவதற்கும் மறுசுழற்சிக்கும்தான். இதைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: பேட்டரி வெறுமனே தேய்ந்திருக்கிறதா, ஊதியிருக்கிறதா?

தேய்ந்த பேட்டரியைக் கண்டுபிடிப்பது எளிது. வேகமாக நூறு சதவீதம் காட்டும். பிறகு நாற்பதில் இருக்கும்போதே சட்டென்று அணைந்துவிடும். ஊதலைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். வாட்ச்சைப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்து, திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே சுற்றிவரப் பாருங்கள். என் வாட்ச்சில் பொத்தான் இருக்கும் பக்கம் மட்டும் ஒரு தாளின் ஓரம் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. எதிர்ப்பக்கம் ஒட்டியே கிடந்தது. சில வாட்ச்களில் திரைக்குப் பதில் முதுகுப்பக்க சென்சார் கண்ணாடி கிளம்பும். தூக்கிய திரையை விரலால் அழுத்திப் பழைய இடத்தில் உட்கார வைக்கவே கூடாது. அந்த அழுத்தம் நேராகப் பேட்டரி மீதுதான் விழுகிறது.

ஊதவில்லை என்றால் மாற்றலாம், ஆனால் ஒரு விலை உண்டு. திரை பசையால் ஒட்டப்பட்டது. சூடுகாட்டிப் பிரித்து மறுபடி ஒட்டும்போது நீர் புகாத தன்மை பழையபடி திரும்பும் என்று நம்ப முடியாது. அதன்பின் அதை அணிந்துகொண்டு நீந்தக் கூடாது. நான் மாற்றிப் பார்த்ததில்லை என்பதால், மாற்றிய பேட்டரி எத்தனை நாள் உழைக்கும் என்பதில் என் பேச்சை நம்ப வேண்டாம். ஊதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மறுசுழற்சிதான்.

ஒப்படைப்பதற்கு முன் வரிசை முக்கியம். முதலில் வாட்ச்சின் அமைப்புகளுக்குள் போய் ரீசெட் செய்து, போனிலிருந்து இணைப்பை நீக்க வேண்டும். ஆப்பிள் வாட்ச் என்றால் ஐபோனில் இணைப்பை நீக்கினால் வேறு யாரும் அதைப் பயன்படுத்த விடாத உரிமைப் பூட்டும் சேர்ந்தே விலகும். இவற்றுக்கெல்லாம் சார்ஜ் வேண்டும். ஊதிய வாட்ச்சை இதற்காகச் சார்ஜரில் மாட்டாதீர்கள். வாட்ச்சை இணைத்திருக்கும் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டால் போதும். பிறகு தானாக அணையும்வரை விட்டுவிடுங்கள். மின்சக்தி குறையக் குறைய, தீப்பிடித்தாலும் வேகம் குறையும். கொண்டுபோகும் நாள்வரை, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாமல், உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைக்கலாம். சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றத் தடை உண்டு. அதனால் கூரியரில் போடாமல் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

யாரிடம் கொடுப்பது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; தயங்கினால் திரும்பிவிடுங்கள். முறையான ஆலையில் பேட்டரியைத் தனியே எடுத்து அரைத்து, அந்தக் கரும்பொடியிலிருந்து கோபால்ட்டை மீட்பார்கள்.

இனி பட்டை. சிலிகோன் பட்டையை மறுசுழற்சிக்கு வாங்குபவர்கள் அரிது; அதனால் மறுபயன்பாடே நல்ல வழி. முதலில் அளவு பாருங்கள்: பட்டை வாட்ச்சின் உடலோடு சேரும் இடத்தின் அகலம் பெரும்பாலும் 20 அல்லது 22 மி.மீ. அதே அகலமுள்ள சாதாரண முள் கடிகாரத்துக்கும் அது பொருந்தும், முனை நேராக இருந்தால். வாட்ச்சின் வட்டத்துக்கு ஏற்ப வளைத்து வார்த்த முனை என்றால் நடுவே சந்து தெரியும். ஆப்பிள் பட்டைகள் தனி வகை; 38, 40, 41 மி.மீ. வாட்ச்களின் பட்டைகள் தங்களுக்குள் மாறும். பழைய பட்டையை மென்மையான சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிங் கம்பி துருப்பிடித்திருந்தால் அதை மட்டும் கடிகாரக் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். மடித்துப் பார்க்கும்போது துளைகளின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்தப் பட்டை வேண்டாம். கையிலிருந்து கடிகாரமே கழன்று விழுந்துவிடும்.