வட்டம் காட்டுவதா, வரைந்து காட்டுவதா?

வெளிநாட்டவர் முன் பேசப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது: தனியாகவே பொருள் தரும் சைகையை நம்பலாமா, பேச்சோடு கூடவே வரும் கையசைவையா?

பேச்சில்லாமல் புரியுமா?
சைகை: புரியும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம் அமெரிக்காவில் 'சரி'.
கையசைவு: புரியாது. வீடியோவின் ஒலியை அணைத்துப் பாருங்கள், கை சுழல்வது தெரியும், சுழல்வது சக்கரமா மாவாட்டும் கல்லா என்று தெரியாது.

எல்லை தாண்டினால்?
சைகை: அதே வட்டம் ஜப்பானில் பணம், பிரான்சில் பூஜ்யம், பிரேசிலில் கெட்ட வசவு.
கையசைவு: ஆபத்து குறைவு, ஆனால் மொழிக்கு மொழி மாறும். மொழி ஆய்வாளர்கள் சோத்தாரோ கித்தாவும் அஸ்லி ஒஸ்யுரேக்கும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பூனை கயிற்றில் தொங்கி எதிர்க் கட்டடத்துக்குப் பாயும் கார்ட்டூனை விவரிக்கும்போது ஆங்கிலம் பேசியவர்கள் கையை வில்லாக வளைத்தார்கள். அப்படி ஊசலாடிப் பாய்வதற்கு நேரான வினைச்சொல் இல்லாத ஜப்பானிய, துருக்கி மொழிக்காரர்கள் பலர் கையை நேர்கோட்டிலும் நகர்த்தினார்கள்.

இரைச்சலில், தூரத்தில் இருப்பவருக்குச் சைகை, அதுவும் அந்த ஊர்ப் பொருளைக் கேட்டுக்கொண்டபின். வழியோ வடிவமோ விளக்க, கையசைவுதான் என் தேர்வு; ஆனால் அது சொல்லோடு சேர்ந்தோ சற்று முந்தியோ வரவேண்டும்.